வாடிக்கையாளரின் படம் ஒரு வைப்புத்தொகை

மைசூருவில் நான் பணியாற்றும் கிளையில், சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், கஃபே நடத்தும் ஒரு பெண்மணி என் மேசைக்கு முன் வந்தமர்ந்தார். முத்ரா திட்டத்தின்கீழ் எங்களிடம் கடன் பெற்று, ஒரு பழைய ஓட்டு வீட்டின் மாடியில் 24 இருக்கைகளுடன் கடை நடத்துபவர். தவணை ஒருமுறையும் தவறியதில்லை. அன்று அவர் கேட்டது கூடுதலாக 40,000 ரூபாய். எதற்கென்று கேட்டேன். விளம்பரத்திற்கு என்றார்.

"செய்தித்தாளிலா?" என்றேன்.

"இல்லை சார். கடைக்கு வருகிறவர்களே படமெடுத்து, ஒரு ஹேஷ்டேக் போட்டு இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். அதையே எடுத்து நான் என் பக்கத்தில் மறுபடியும் பகிர்வேன். இதை நடத்திக் கொடுக்க ஒரு விளம்பர நிறுவனம் நாற்பதாயிரம் கேட்கிறது."

அவர் சொன்ன முறை இன்று சிறு உணவகங்கள் பலவும் கையாளுவதுதான். வாடிக்கையாளர் படமெடுக்கிறார், கடைக்காரர் குறிப்பிட்ட ஒரு சொல்லை # என்னும் குறியுடன் சேர்த்து வெளியிடுகிறார், கடைக்காரர் அப்படங்களைத் தேடியெடுத்துத் தம் பக்கத்தில் மறுபகிர்வு செய்கிறார். படமெடுக்கும் கூலி இல்லை, நடிகர் இல்லை, விளம்பர இடத்திற்கு வாடகை இல்லை. பார்ப்பவரும், கடைக்காரர் தம்மைத் தாமே புகழ்வதைவிட, வந்து போனவர் காட்டுவதை நம்புகிறார். திட்டத்தில் எனக்கு ஐயமில்லை. செலவில்தான் ஐயம் இருந்தது. நிறுவனம் செய்வதாகச் சொன்னவற்றில் பெரும்பகுதியை அவரே நாளொன்றுக்கு அரைமணி நேரத்தில் செய்துவிடலாம் என்று தோன்றியது. கடன் வேண்டாம், நீங்களே பன்னிரண்டு வாரம் நடத்திப் பாருங்கள் என்றேன். அப்படியே நடத்தினார். அந்தப் பன்னிரண்டு வாரங்களை அருகிருந்து பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. இம்முறையில் இறங்க எண்ணும் சிறு தொழில் செய்வோரின் முன் அதை வைக்க விரும்புகிறேன்.

வாடிக்கையாளர் எடுத்த படம் கடையின் வருமானம் அன்று. அது கடையிடம் ஒப்படைக்கப்பட்ட வைப்புத்தொகை. வைப்பாளரின் பணத்தை வங்கி எந்த மனநிலையோடு கையாள வேண்டுமோ, அதே மனநிலையோடு கடைக்காரர் அப்படத்தைக் கையாள வேண்டும். இதை உணர்ந்தவருக்கு இம்முறை பயன் தரும். உணராதவருக்கு வாடிக்கையாளரை இழக்கும் வழியாக முடியும்.

சொல்லும் பொருளும்

முதலில் ஹேஷ்டேக்கைத் தேர்ந்த கதை. அந்தப் பெண்மணி முதலில் எண்ணியது #MysoreCoffee. தேடிப் பார்த்தபோது, காப்பித்தூள் விற்போர், சுற்றுலா வந்தோர், வேறு கடைக்காரர் எனப் பலரும் அச்சொல்லை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தனர். அவருடைய கடைப் படம் அக்கூட்டத்தில் கரைந்துபோகும். ஹேஷ்டேக் எவருக்கும் உடைமையாவதில்லை, யாரும் எழுதலாம். ஆகவே பிறர் எழுத வாய்ப்பில்லாத சொல்லாக இருத்தல் வேண்டும். கன்னடத்தில் மாடிக்கு 'மஹடி' என்பர். அதை வைத்து #MahadiKaapi என்று மாற்றினார்.

அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. Kaapi என்று சிலரும் Kapi என்று சிலரும் எழுதினர். ஓரெழுத்து மாறினால் அது வேறு ஹேஷ்டேக். அப்படம் தேடலில் அகப்படாது. இரண்டாம் வாரத்தில்தான் இது தெரிந்தது. அதன்பின் மேசை அட்டைகளில் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கடையின் பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் குறியீட்டையும் சேர்த்தார். மீண்டும் தொடங்குவதானால், ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொல்லையே தேர்வேன் என்கிறார் அவர்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஹேஷ்டேக் இட்டு ஒருவர் படம் வெளியிட்டால், கடைக்காரருக்கு எந்த அறிவிப்பும் வராது. அவரே சென்று தேட வேண்டும். படமிட்டவரின் கணக்கு தனிக்கணக்காக இருந்தால் தேடினாலும் தெரியாது. மாறாக, @ குறியுடன் கடையின் கணக்குப் பெயரைச் சேர்த்தால் அறிவிப்பு வந்துவிடும். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில் கடையின் பெயரைக் குறித்திருந்தால், அதைத் தம் ஸ்டோரியில் சேர்த்துக்கொள்ளும் வசதியைச் செயலியே கடைக்காரருக்குக் காட்டும். எனவே மேசை அட்டையில் ஹேஷ்டேக்கோடு கணக்குப் பெயரும் இருத்தல் வேண்டும். முதல் அட்டையில் இது விடுபட்டிருந்தது. அவ்விரு வாரங்களில் வெளியான படங்களுள் எத்தனை அவர் கண்ணில் படாமல் போயினவோ தெரியாது.

அடுத்தது, வந்தவர் எதைப் படமெடுப்பார் என்பது. 'படமெடுத்துப் போடுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் எவரும் அசைவதில்லை. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் #WhiteCupContest என்று ஒரு போட்டி நடத்தியது. வெள்ளைக் கோப்பையில் படம் வரைந்து அனுப்புங்கள் என்பதே போட்டி. மூன்று வாரங்களில் ஏறத்தாழ 4,000 படங்கள் வந்தன. வென்ற ஓவியம் கோப்பையில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாக இருந்தது. கையிலேயே அதற்கான பொருளும் இருந்தது. நம் மாடிக் கடையில் அப்பொருள் சன்னல் விளிம்பில் வைத்த பித்தளை டவராவும் டம்ளரும். சன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். சன்னலையொட்டிய சுவருக்கு நீல வண்ணம் பூசினார். மாலையில் எடுத்த படங்கள் மங்கலாகவும் மஞ்சளாகவும் வந்ததைக் கண்டு, அவ்விடத்திற்கு மட்டும் ஒரு வெள்ளை விளக்கு வாங்கினார். வாரம் ஒருவரைத் தேர்ந்து இருவருக்குக் காபியும் சிற்றுண்டியும் தருவதாக அறிவித்தார். படங்கள் வரத் தொடங்கின.

நான்காம் வாரம் நிகழ்ந்தது

முதல் நான்கு வாரங்களில் 46 படங்கள் வந்தன. அவர் எவரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் மறுபகிர்வு செய்தார். "ஹேஷ்டேக் போட்டதே சம்மதம்தானே சார்" என்பது அவர் வாதம். நானும் அப்போது அதை மறுக்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

நான்காம் வாரம் ஒரு வாடிக்கையாளர் தம் காபிக் கோப்பையைப் படமெடுத்து வெளியிட்டார். நல்ல படம். கோப்பைக்குப் பின்னால், சற்று மங்கலாக, அடுத்த மேசையில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இளைஞரும் அமர்ந்திருந்தனர். படமெடுத்தவருக்கு அவர்களைத் தெரியாது. அவருடைய கணக்கைப் பின்தொடர்வோர் இருநூறு பேருக்குள்தான். கடைக்காரர் மறுபகிர்வு செய்தபோது, அதே பகுதியில் வாழும் சில ஆயிரம் பேரின் கைபேசிக்கு அது போயிற்று. அவர்களுள் ஒருவர் அப்பெண்ணின் உறவினர்.

மறுநாள் காலை கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அப்பெண்ணே. குரலில் கோபமில்லை, அச்சம்தான் இருந்தது. படத்தை நீக்க முடியுமா என்று கேட்டார். பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். ஆனால் திரைப்படியெடுத்து அதற்குள் யாரோ அனுப்பியிருந்தனர். கடைப்பக்கத்தில் நீக்கியது அதை நீக்கவில்லை. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் அவர். நாள்தோறும் மாலையில் அந்த மேசைக்கு வந்து, ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் படித்துவிட்டுப் போவார். உடனிருந்த இளைஞரும் அதே பயிற்சி வகுப்பில் படித்தவர். அதன்பின் அவர் அக்கடைக்கு வரவேயில்லை.

இந்த நிகழ்ச்சியில் சட்டத்தை மீறியவர் யார் என்று விவாதிக்கலாம். எனக்கு அது முதன்மையானதாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் ஹேஷ்டேக் எழுதவில்லை, மேசை அட்டையைப் படித்து ஒப்புக்கொள்ளவில்லை, படமெடுப்பதையே அறியவில்லை. அவர் செய்ததெல்லாம் காசு கொடுத்துக் காபி குடித்தது. ஒரு சிறிய வட்டத்திற்குள் இருந்த படத்தைப் பெரிய வட்டத்திற்குக் கொண்டுசென்றது கடையின் கை. மறுபகிர்வு என்பதன் முழுப்பொருளும் அதுதான். படம் ஏற்கெனவே வெளியானதுதானே என்று சொல்லி அதன் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

கேட்டுப் பெறுதல்

படமெடுத்தவரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். ஊதியத்திற்கோ ஒப்பந்தத்திற்கோ எடுக்கப்பட்டதல்லாத படத்திற்கு அவரே முதல் உரிமையாளர். படத்தில் இருப்பது கடையின் கோப்பை, கடையின் சுவர் என்பதால் படம் கடையுடையதாகிவிடாது. பிறருக்குப் பயன்படுத்தும் உரிமை தருவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறுகிறது. படைப்பாளி தம் பெயரைக் கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு காக்கிறது. ஒருவர் இன்ஸ்டாகிராமில் படமிடும்போது அந்நிறுவனத்திற்குப் பயன்பாட்டு உரிமை தருகிறார், கடைக்காரருக்குத் தருவதில்லை.

நடைமுறையில் இதன் பொருள் இரண்டு. செயலியில் உள்ள மறுபகிர்வு வசதியைப் பயன்படுத்தினால் எடுத்தவரின் பெயர் படத்தோடு வரும். மூலப்படத்தை அவர் நீக்கினால் பகிர்வும் நீங்கும். படத்தைப் பதிவிறக்கித் தம் படம்போல மீண்டும் ஏற்றினால் அப்பிணைப்பு அறுந்துவிடும். பல கடைகள் செய்வது இரண்டாவதைத்தான். வைப்பாளரின் பெயரை அழித்துவிட்டுக் கணக்கை வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

நான்காம் வாரத்திற்குப் பிறகு அந்தப் பெண்மணி ஒரு முறையை வகுத்துக்கொண்டார். படம் கண்ணில் பட்டதும் முதலில் கோப்பையைப் பார்ப்பதில்லை, பின்புறத்தைப் பார்க்கிறார். அடையாளம் தெரியும் அளவில் வேறெவரேனும் இருந்தால் அப்படம் எவ்வளவு அழகாயினும் ஒதுக்கப்படும். குழந்தைகள் இருந்தால், பெற்றோர் தாமே இட்டு, அவர்களே எழுத்தில் ஒப்பினாலன்றி எடுப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கல்லூரி முதலாண்டு மாணவர் சிலரும் அந்த வயதிற்குள் வருவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, எடுத்தவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். அதன் வாசகம் ஏறத்தாழ இது: 'வணக்கம். எங்கள் கடையில் நீங்கள் எடுத்த படம் அழகாக இருக்கிறது. உங்கள் பெயருடன் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பகிரலாமா? வேறு எங்கும் பயன்படுத்தமாட்டோம். நீக்கச் சொன்னால் அன்றே நீக்குவோம்.' மறுமொழி வந்தால் பகிர்வார், வராவிட்டால் விட்டுவிடுவார். மறுமொழியின் திரைப்படி, தேதியுடன் ஒரு கோப்பில் சேர்கிறது. வங்கியில் நாங்கள் ஆவணம் வைப்பது போலத்தான்.

அவ்வாசகத்தில் 'வேறு எங்கும்' என்னும் சொற்கள் வீணாகச் சேர்க்கப்பட்டவை அல்ல. பக்கத்தில் பகிரப் பெற்ற ஒப்புதல், மெனு அட்டையில் அச்சிடுவதற்கோ தெருவோரப் பலகையில் வைப்பதற்கோ பொருந்தாது. ஒன்பதாம் வாரத்தில் ஒரு கல்லூரி மாணவர் எடுத்த படத்தை மெனு அட்டையின் முகப்பில் இட விரும்பிய அவர், மீண்டும் கேட்டார். மாணவர் 1,500 ரூபாய் கேட்டார். "இலவசமாகப் போட்ட படத்திற்குக் காசா சார்?" என்று என்னிடம் சற்று வருத்தத்துடன் சொன்னார். புகைப்படக்காரரை அமர்த்தினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார், ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டார்.

இவ்வாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் குறையாதா என்று கேட்கலாம். குறைந்தது. அடுத்த எட்டு வாரங்களில் 118 படங்கள் வந்தன. பின்புறத்தில் பிறர் இருந்ததால் 21 ஒதுக்கப்பட்டன. மீதி 97 பேரிடம் கேட்டதில் 81 பேர் இசைந்தனர்; 5 பேர் வேண்டாமென்றனர்; 11 பேர் பதில் தரவில்லை. வந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்ததாகக் கணக்கிடலாம். ஆனால் அவர் கண்ட வேறொன்று உண்டு. இசைந்த 81 பேரோடும் அவர் நேராக ஒரு சொல் பேசியிருந்தார். அடுத்தமுறை அவர்கள் மாடிப்படி ஏறி வந்தபோது, பெயர் சொல்லி வரவேற்க முடிந்தது. கேட்காமல் எடுத்த முதல் 46 பேரில் அப்படிப் பழகியவர் மிகச் சிலரே. ஒப்புதல் கேட்பது சட்டத்திற்குச் செலுத்தும் வரி என்று தொடங்கினார். முடிவில் இம்முறையின் சிறந்த பயனே அதுவாக இருந்தது.

சிலர் மேசை அட்டையின் அடியில், 'இந்த ஹேஷ்டேக்கைப் பயன்படுத்துவோர் தம் படத்தை நாங்கள் பயன்படுத்த இசைந்ததாகக் கொள்ளப்படும்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுகின்றனர். அது போதுமானதன்று என்பது என் கருத்து. அட்டையைப் பார்க்காமல், நண்பர் எழுதியதைக் கண்டு ஹேஷ்டேக் இடுவோர் பலர். பின்னால் அமர்ந்திருப்பவரையோ அவ்வாசகம் தொடுவதே இல்லை.

பாராட்டும் பழியும்

ஆறாம் வாரம் படங்கள் குறைந்தன. படமிடும் எல்லோருக்கும் ஒரு காபி இலவசம் என்று அறிவிக்கலாமா என்று கேட்டார். கூடாதென்றேன். விலை பெற்று வரும் பாராட்டு பாராட்டாகாது என்பது ஒரு காரணம். அதற்கு விதியும் இருக்கிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், ஒரு பொருளை ஆதரித்துப் பேசுபவர் அதற்காகப் பணமோ இலவசமோ சலுகையோ பெற்றிருந்தால், அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்கின்றன. இலவசக் காபி பெற்றவர் அனைவரும் தம் படத்தில் 'விளம்பரம்' என்று எழுதுவார்களா? எழுதாவிட்டால் குற்றம் அவர்களோடு நிற்காது. வாரப் பரிசுக்கும் இதே எச்சரிக்கை தேவை என்று உணர்ந்து, பரிசு பெற்றவரின் படத்தைப் பகிரும்போது 'இவ்வாரப் பரிசு பெற்றவர்' என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அழகான படத்திற்கே பரிசு, புகழுரைக்கு அன்று என்றும் அட்டையில் சேர்த்தார்.

பழியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறிப்போன காபியின் படம் அதே ஹேஷ்டேக்கோடு வெளியாயிற்று. நாற்பது நிமிடம் காத்திருந்ததாக எழுதியிருந்தார் ஒருவர். அவரைத் தடைசெய்துவிடலாம் என்று கடையில் வேலை செய்யும் பையன் சொன்னானாம். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் #McDStories என்னும் ஹேஷ்டேக்கைப் பணம் கட்டி முன்னிறுத்தியது. நல்ல நினைவுகளை எதிர்பார்த்த இடத்தில் குறைகளும் கேலியும் குவிந்தன. இரண்டு மணி நேரத்திற்குள் நிறுவனம் பின்வாங்கியது. ஆயினும் மக்கள் அச்சொல்லைப் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. அத்தனை பெரிய நிறுவனத்தால் முடியாததை மாடிக் கடையால் செய்ய முடியாது. அவர் அப்படத்தின் கீழேயே, அன்று ஒருவர் மட்டும் பணியில் இருந்ததையும், தாமதம் உண்மையே என்பதையும் எழுதி வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஞாயிறு முதல் இன்னோர் ஆளைச் சேர்த்தார். ஹேஷ்டேக் தொடங்குமுன் கடைக்காரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: கூட்டம் மிகுந்த நாளில், என் கடையில் எவரும் எதையும் படமெடுக்கலாம் என்று சொல்லும் நிலையில் இருக்கிறேனா? இல்லையெனில், முதலில் சீர்செய்ய வேண்டியது அடுக்களையை.

கல்லா சொல்லும் கணக்கு

பன்னிரண்டு வாரம் முடிந்ததும், எத்தனை பேர் விரும்பினர், எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்களோடு வந்தார். நான் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்லாக் கணக்கைக் கேட்டேன். தொடக்கத்திலேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். முதல்முறை வருபவரிடம் பில் போடும்போது, கடையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று கேட்பது; படம் பார்த்து வந்ததாகச் சொன்னால் பில்லில் ஒரு குறியிடுவது. அவ்வாறு குறியிட்ட பில்கள் 212. சராசரி 260 ரூபாய் என்ற அளவில் மொத்த விற்பனை 55,120 ரூபாய். பாலும் காப்பித்தூளும் பிற சரக்கும் போக நூற்றுக்கு அறுபது மிஞ்சும் கடை அது. ஆக மிச்சம் 33,072 ரூபாய்.

செலவு: மேசை அட்டைக்கு 720, சுவர் வண்ணத்திற்கு 6,000, விளக்கிற்கு 2,400, பன்னிரண்டு வாரப் பரிசு, வாரம் 400 வீதம், 4,800. கூட்டினால் 13,920 ரூபாய். மிச்சம் 19,152 என்று மகிழ்ந்தார். நான் இரண்டு திருத்தங்கள் சொன்னேன். அவருடைய நேரம் இலவசமன்று. நாள்தோறும் அரைமணி என்றால் 84 நாளில் 42 மணி. மணிக்கு 150 ரூபாய் என வைத்தாலும் 6,300 ரூபாய் கழிய வேண்டும். இரண்டாவதாக, படம் பார்த்து வந்தேன் என்பவரில் எத்தனை பேர் எப்படியும் வந்திருப்பர்? பாதிப்பேர் என்று கொள்வோம். மிச்சம் 16,536 ஆகச் சுருங்குகிறது. செலவும் நேரமும் கழித்தால் 3,684 ரூபாய் நட்டம்.

அவர் முகம் வாடியது. அப்போதுதான் மூன்றாவது திருத்தத்தைச் சொன்னேன். சுவரும் விளக்கும் பன்னிரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும் பொருள்கள் அல்ல. அந்த 8,400 ரூபாயை இரண்டாண்டுக்குப் பகிர்ந்தால், மூன்று மாதத்தின் பங்கு 1,050 மட்டுமே. அவ்வாறு பார்த்தால் 3,666 ரூபாய் ஆதாயம். பெருந்தொகை அன்று, ஆனால் உண்மையான தொகை. நிறுவனம் கேட்ட 40,000 ரூபாயைக் கடனாகப் பெற்றுச் செலவிட்டிருந்தால், எந்தத் திருத்தத்தாலும் இக்கணக்கை ஆதாயமாக்க முடியாது. இம்முறை கையிருப்பைக் கொண்டு, சொந்த உழைப்பால் நடத்தும்போதே சிறு கடைக்குக் கட்டுபடியாகும். கடன் வாங்கி நடத்துவதற்கு உரியதன்று என்பதை, கடன் கொடுக்கும் நாற்காலியில் அமர்ந்தே சொல்கிறேன்.

அந்தக் கணக்கில் ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. நாள்தோறும் ஒரு காபியோடு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண். ஒருவர் போனதால் விற்பனையில் ஒன்றும் தெரியாது. ஆயினும் கடைக்காரர் அதை மறக்கவில்லை. இப்போது சன்னலோரச் சுவரில் நீல வண்ணம் படமெடுப்போருக்காக இருக்கிறது. எதிர்ப்புறத்து மூலையில் இரண்டு மேசைகளை, எந்தப் படத்திலும் விழாத கோணத்தில், திருப்பிப் போட்டிருக்கிறார். அவற்றின் மேல் உள்ள அட்டையில் ஹேஷ்டேக் இல்லை. 'இங்கே படமெடுக்க வேண்டாம். படிப்போர் இருக்கின்றனர்' என்று கன்னடத்தில் எழுதியிருக்கிறது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது இரண்டு மேசைகளும் நிறைந்திருந்தன.